லேயர் 3 சுவிட்சில் ஐபிவி6: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் லேயர் 3 சுவிட்சில் ஐபிவி6 போடும்போது, நாங்கள் முன்பு விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். `ipv6 unicast-routing` கொடுக்க மறப்பது, முகவரியில் ஒரு எழுத்தைத் தவறவிடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை அரை மணி நேரத்தில் தானே தெரிந்துவிடும். வாரக்கணக்கில் ஆளை அலைக்கழிக்கும் தவறுகள் வேறு. கட்டளைகள் எல்லாம் சிஸ்கோ ஐஓஎஸ் நடையில் இருக்கின்றன. முகவரிகள் ஆவண உதாரணங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட `2001:db8` தொகுதியிலிருந்து எடுத்தவை.

## விலானுக்கு /64 தவிர வேறு அளவு

போடாதீர்கள். /120 போட்டால் ஸ்லாக், அதாவது கணினி தனக்குத் தானே முகவரி அமைத்துக்கொள்ளும் முறை, வேலை செய்யாது.

## போன் விலானின் ஆர்ஏ கணினிக்குப் போய்ச் சேருவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இது.

வழக்கமான அலுவலக மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒரே ஒரு நெட்வொர்க் சாக்கெட். அதிலிருந்து ஐபி போனுக்கு ஒரு கேபிள், போனின் பின்னால் உள்ள இரண்டாவது போர்ட்டிலிருந்து கணினிக்கு இன்னொரு கேபிள். கணினியின் போக்குவரத்து டேக் இல்லாமல் விலான் 10-இல் போகும், போனின் போக்குவரத்து டேக்குடன் விலான் 20-இல் போகும். ஐபிவி4-இல் பல ஆண்டுகளாகச் சிக்கலில்லாமல் ஓடிய அமைப்பு. அதன் மேல் ஒருவர் இப்படி ஐபிவி6 போடுகிறார்:

```
interface Vlan10
 description DATA
 ipv6 address fe80::1 link-local
 ipv6 address 2001:db8:5a:10::1/64
!
interface Vlan20
 description VOICE
 ipv6 address fe80::1 link-local
 ipv6 address 2001:db8:5a:20::1/64
```

பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலான் எண் முகவரியிலேயே தெரிகிறது. எல்லா விலானிலும் `fe80::1` இருப்பதும் தவறில்லை, லிங்க்-லோக்கல் முகவரி அந்தந்த விலானுக்குள்தான் செல்லும். முகவரி போட்ட கணத்திலிருந்து சுவிட்ச் இரண்டு விலானிலும் ஆர்ஏ, அதாவது இங்கே ரவுட்டர் நான், தொகுதி இது என்று சொல்லும் அறிவிப்பை, அனுப்பத் தொடங்கிவிடும். யாரும் கேட்காவிட்டாலும் சுமார் 200 விநாடிக்கு ஒருமுறை, `ff02::1` என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு, அதாவது அந்த விலானில் இருக்கும் எல்லோருக்கும்.

விலான் 20-இன் ஆர்ஏ டேக்குடன் போனுக்கு வருகிறது. பல போன்கள் அதைத் தாம் எடுத்துக்கொள்வதோடு பின்னால் இருக்கும் கணினிக்கும் தள்ளிவிடுகின்றன. கணினி டேக்கைப் பார்த்து ஒதுக்கியிருக்க வேண்டும். ஆனால் விண்டோஸில் பல நெட்வொர்க் கார்டு டிரைவர்கள் டேக்கைக் கழற்றிவிட்டு, சாதாரண பாக்கெட் போல மேலே கொடுத்துவிடும். விண்டோஸும் ரவுட்டர் சொல்லிவிட்டதே என்று `2001:db8:5a:20::` தொகுதியிலிருந்து தனக்கு ஒரு முகவரி அமைத்துக்கொள்ளும். விலான் 10-இல் இருக்கிற கணினி விலான் 20-இன் முகவரியோடு உட்கார்ந்திருக்கும்.

ஐபிவி4-இல் இது ஏன் தெரியவில்லை? டிஎச்சிபி சர்வர் தானாகப் பேச ஆரம்பிப்பதில்லை. கணினி கேட்கிறது, அந்தக் கேள்வி டேக் இல்லாமல் விலான் 10-க்குப் போகிறது, பதிலும் அங்கிருந்தே வருகிறது. ஆர்ஏ அப்படியல்ல, அழைக்காமலே வருவது.

ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் இது எப்படி வெளிப்பட்டது என்று சொல்கிறேன். இணையம் நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கும் கணக்குச் செயலி மட்டும் திறக்க 20 விநாடிக்கு மேல் ஆகிறது என்று புகார். அதுவும் எல்லா மேசையிலும் இல்லை. செயலியின் சர்வர் விலான் 21-இல், `2001:db8:5a:21::` தொகுதியில் இருந்தது. சர்வர் குழு நெட்வொர்க்கைக் கை காட்ட, நெட்வொர்க் குழு சர்வரைக் கை காட்ட, நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

கணினியிடம் இப்போது இரண்டு முகவரிகள். எதை அனுப்புநராக வைப்பது என்று அது முடிவு செய்யும்போது, மற்ற விதிகளில் இரண்டும் சமமாக இருந்தால், போகவேண்டிய முகவரியோடு முன்பகுதி அதிகம் ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுக்கும். `21`-உடன் ஒப்பிட்டால் `10` ஒத்துப்போவது 58 பிட் வரைதான், `20` ஒத்துப்போவது 63 பிட் வரை. ஆகவே அந்த ஒரு சர்வருக்குப் போகும்போது மட்டும் கணினி ஒவ்வொரு முறையும் தவறான முகவரியையே எடுத்தது.

அங்கிருந்த சுவிட்சில் எல்லா விலான் இடைமுகத்துக்கும் ஒரே மேக் முகவரி. அதனால் கணினியின் பாக்கெட் விலான் 10 வழியாக நுழைந்து சர்வருக்கு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. சர்வரும் பதில் சொன்னது. பதிலைக் கொண்டுவந்த சுவிட்ச், `5a:20` என்றால் விலான் 20 என்று அங்கே போய், இந்த முகவரி யாருடையது என்று நெய்பர் சொலிசிட்டேஷன் அனுப்பியது. கேள்வி போன் வழியாகக் கணினிக்கும் வந்தது. கணினி பதில் சொன்னது, ஆனால் டேக் இல்லாமல். அது விலான் 10-இல் போய் விழுந்தது. விலான் 20-இல் காத்திருந்த சுவிட்சுக்குக் கடைசி வரை விடை வரவில்லை. பிரவுசர்கள் ஐபிவி6 தாமதித்தால் உடனே ஐபிவி4-ஐ முயன்று பார்க்கும், அதனால் இணையத்தில் யாருக்கும் வலி தெரியவில்லை. கணக்குச் செயலிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஐபிவி6 இணைப்பு முயற்சி முழுதாகத் தோற்றபிறகே அது ஐபிவி4-க்குப் போனது.

இதை உறுதிசெய்ய மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். கணினியில் `ipconfig` கொடுத்தால் இரண்டு வெவ்வேறு தொகுதி முகவரிகள் தெரியும். வயர்ஷார்க்கில் `icmpv6.type == 134` என்று வடிகட்டினால் இரண்டு விதமான ஆர்ஏ வருவது தெரியும். அங்கே டேக்கைத் தேடிப் பயனில்லை, டிரைவர் ஏற்கெனவே கழற்றியிருக்கும். உள்ளே இருக்கும் தொகுதியைப் பாருங்கள். சுவிட்சில் `show ipv6 neighbors vlan 20` கொடுத்தால் கணினிகளின் முகவரிகள் `INCMP` நிலையில் தொங்கிக்கொண்டிருக்கும். கணினியை நேரடியாகச் சுவர் சாக்கெட்டில் செருகி மறுதொடக்கம் செய்தால் சிக்கல் காணாமல் போவதும் ஓர் அடையாளம்.

என்னை எரிச்சல்படுத்துவது இதற்குச் செய்யப்படும் வைத்தியம். “சார், கணினியில ஐபிவி6-ஐ ஆஃப் பண்ணிட்டா சரியாயிடுது” என்று சொல்லி, ஒவ்வொரு மேசையாகப் போய் டிக்கை எடுத்துவிடுவார்கள். பிறகு எதற்குச் சுவிட்சில் அத்தனை வேலை செய்தோம்? அடுத்தவர் இன்னும் கொஞ்சம் விவரமானவர், விலான் 20-இல் இதைப் போடுவார்:

```
interface Vlan20
 ipv6 nd ra suppress
```

இது வேலை செய்வது போலவே தோன்றும். ஆனால் `all` இல்லாத `suppress`, தானாகப் போகும் ஆர்ஏவை மட்டுமே நிறுத்தும். யாராவது ரவுட்டர் சொலிசிட்டேஷன் அனுப்பிக் கேட்டால் சுவிட்ச் பதில் சொல்லும், அதையும் எல்லோருக்குமான மல்டிகாஸ்ட்டாகவே அனுப்பும். போன் பூட் ஆகும்போது கேட்கும். கரண்ட் போய் வந்தால், பிஓஇ-யில் ஓடும் போன்கள் எல்லாம் ஒன்றாகப் பூட் ஆகும், எல்லாம் ஒன்றாகக் கேட்கும், பின்னால் இருக்கும் கணினிகள் அத்தனையும் பதிலைக் கேட்டுக்கொள்ளும். அந்த அலுவலகத்தில் இரண்டு நாள் அமைதியாக இருந்துவிட்டு, யூபிஎஸ் பராமரிப்பு முடிந்த மறுநாள் காலை புகார்கள் திரும்பவும் வந்ததற்கு இதுதான் காரணம்.

உண்மையான தீர்வு போனில் இருக்கிறது. சிஸ்கோ போன்களில் `PC Voice VLAN Access` என்று ஓர் அமைப்பு உண்டு. அதை முடக்கினால் குரல் விலானின் பாக்கெட்டுகள் கணினிப் போர்ட்டுக்குப் போகாது. மற்ற நிறுவனங்களின் போன்களில், கணினிப் போர்ட்டுக்கு எந்த விலான்களை விடுவது என்ற அமைப்பைத் தேடுங்கள். அதோடு, போன்கள் ஐபிவி4-இல்தான் பேசுகின்றன என்றால் விலான் 20-இல் ஐபிவி6 முகவரியே வேண்டாம். திட்டத்தில் எண்ணை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், இடைமுகத்தில் போடாதீர்கள்.

இதிலும் வரிசை முக்கியம். முதலில் போனை அடைத்துவிட்டால், கணினி ஏற்கெனவே வாங்கிய முகவரி அதனிடமே தங்கிவிடும். இயல்பான அமைப்பில் அதற்கு 30 நாள் ஆயுள், அதில் முதல் 7 நாள் முழு மதிப்போடு இருக்கும். ஆகவே கதவு திறந்திருக்கும்போதே, அந்தத் தொகுதியை இனிப் பயன்படுத்தாதே என்று சொல்லிவிட வேண்டும்:

```
interface Vlan20
 no ipv6 nd ra suppress
 ipv6 nd prefix 2001:db8:5a:20::/64 7200 0
```

இரண்டாவது எண் 0 என்பதால் புதிய இணைப்புகளுக்கு அந்த முகவரியைக் கணினி உடனே தவிர்க்கும். முதல் எண்ணை 7200-க்குக் கீழே குறைத்துப் பயனில்லை. ஏற்கெனவே நீண்ட ஆயுளோடு இருக்கும் முகவரியை, சாதாரண ஆர்ஏவால் 2 மணி நேரத்துக்குக் கீழே கொண்டுவர முடியாது என்பது ஸ்லாக் விதி. எல்லாக் கணினிகளும் ஆன் ஆகியிருக்கும் வேலை நேரத்தில் இதை விட்டுவைத்து, பிறகு போன் அமைப்பை மாற்றி, கடைசியாக விலான் 20-இன் ஐபிவி6 முகவரியை எடுங்கள். அன்று விடுப்பில் இருந்தவர்களின் கணினிகளை அவர்கள் வந்ததும் ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் போதும்.

## எம் ஃபிளாக் போட்டால் ஸ்லாக் நின்றுவிடும் என்று நம்புவது

`ipv6 nd managed-config-flag` சொல்வது டிஎச்சிபிவி6 சர்வர் இருக்கிறது என்பதை மட்டும்தான். ஆர்ஏவில் போகும் தொகுதியில், தானாக முகவரி அமைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏ ஃபிளாக் இயல்பாகவே போட்டிருக்கும். அதனால் கணினி டிஎச்சிபியிடம் ஒரு முகவரி வாங்கும், தானாகவும் சில முகவரிகளை அமைத்துக்கொள்ளும், பெரும்பாலும் பின்னதையே வெளியே போகப் பயன்படுத்தும். தணிக்கைக்காரர் கேட்கும் முகவரி டிஎச்சிபி பதிவில் இருக்காது. ஸ்லாக் வேண்டாம் என்றால் ஏ ஃபிளாக்கையும் எடுக்க வேண்டும்:

```
 ipv6 nd prefix default 2592000 604800 no-autoconfig
```

ஆனால் இதை வைஃபை விலானில் செய்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு போன்கள் டிஎச்சிபிவி6 வழியாகத் தனி முகவரி வாங்குவதில்லை. ஏ ஃபிளாக் இல்லாத விலானில் அவற்றுக்கு ஐபிவி6 முகவரியே கிடைக்காது. மேசைக் கணினிகளுக்கு ஒரு விதம், வைஃபைக்கு இன்னொரு விதம் என்று விலான்வாரியாக முடிவெடுங்கள்.

## ஆர்ஏ கார்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

பயனர் போர்ட்டுகளில் இந்த ஆர்ஏ காவல் அமைப்பைக் கட்டாயம் போடுங்கள், இணையத்தைப் பகிரும் லேப்டாப்பிலிருந்து வரும் போலி ஆர்ஏவை அது நிறுத்தும். ஆனால் பயனர் பக்கமிருந்து சுவிட்சுக்குள் நுழையும் ஆர்ஏவைத்தான் அது பார்க்கும். மேலே சொன்ன கதையில் ஆர்ஏ அனுப்பியது நம்முடைய சுவிட்சேதான், அதை ஆர்ஏ கார்டு தொடவே தொடாது.

தனி அக்சஸ் சுவிட்ச் இருந்தால், மேலே லேயர் 3 சுவிட்சுக்குப் போகும் அப்லிங்கில் `device-role router` உள்ள பாலிசியை இணைக்க வேண்டும். போர்ட் பாலிசியை அப்லிங்குக்கும் சேர்த்து ஒட்டிவிட்டால் அந்தத் தளம் முழுவதற்கும் ஐபிவி6 நின்றுவிடும். அதுவும் உடனே நிற்காது. கடைசியாக வந்த ஆர்ஏவில் ரவுட்டர் ஆயுள் 1800 விநாடி என்று இருப்பதால், நீங்கள் வேலையை முடித்துக் கிளம்பி அரை மணி நேரம் கழித்துத்தான் போன் வரும்.