மாடி ஹால் இல்லை, கீழ் அறை

கோத்தகிரியில் தேயிலைக் கவாத்துப் பயிற்சி, காலை 10 மணி. 8:40க்குப் போனால் மாடி ஹால் கூரை ஒழுகி நாற்காலியெல்லாம் ஈரம்.

போன தடவை அவசரத்தில் "இடம் மாறிடுச்சு" என்று மட்டும் போட்டேன். நேரமும் மாறிவிட்டதாக நினைத்துப் பாதிப் பேர் மதியம் வந்தார்கள். அதனால் முதலில் கீழ் அறைச் சாவியைக் கையில் வாங்கினேன், பிறகுதான் எழுதினேன்:

"இன்று கவாத்துப் பயிற்சி மாடி ஹாலில் இல்லை, கீழ் அறையில். நேரம் அதே காலை 10. அனுப்பியது 8:50."

வாட்ஸ்அப், எஸ்எம்எஸ், மாடிப்படி அட்டை எல்லாவற்றிலும் இதே வரிகள். குரூப்பில் அட்மின் மட்டும் எழுதும்படி வைத்தேன். இல்லாவிட்டால் ஆளாளுக்கு விளக்கம் சொல்வார்கள். டவர் சரியாகக் கிடைக்காத ஊர்களுக்கு ஊருக்கு ஒருவரைக் கூப்பிட்டு, திருப்பிச் சொல்ல வைத்தேன். ஒருத்தர், "சரிங்க, மாடி ஹால்தானே?" என்றார்!

மாடிப்படி வரை போய், அட்டையைப் பார்த்துக் கீழ் அறைக்குத் திரும்பியவர்கள் இரண்டே பேர்.