ரியாத் போகும் டிரைவர் முதலில் படிக்கும் அரபியில் செய்யும் தவறுகள்

"அண்ணே, அடுத்த மாசம் ரியாத் போறேன், வீட்டு டிரைவர் வேலை. முதல்ல எந்த இருபது அரபி வார்த்தையப் படிக்கிறது?" என்று ஒரு தம்பி கேட்டார். கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. காலை வணக்கம், என் பெயர் இன்னது, உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி, ஆஸ்பத்திரி எங்கே, விலை என்ன என்று போனது அது. ஸலாமும் ஷுக்ரனும் (நன்றி) போதும், மற்ற மரியாதை வாக்கியங்களை அடித்துவிடலாம் என்றேன். ஆனால் அந்தப் பட்டியலில் எனக்கு உறுத்தியது வேறு. அதில் இருந்ததெல்லாம் நாம் பேசும் வார்த்தைகள். எதிராளி திருப்பிப் பேசும்போது கைகொடுக்க ஒன்றுகூட இல்லை.

"வேன் அல் முஸ்தஷ்ஃபா?" (ஆஸ்பத்திரி எங்கே?) என்பதை அழகாக மனப்பாடம் செய்து கேட்கிறோம் என்று வையுங்கள். நன்றாகக் கேட்டதாலேயே நமக்கு அரபி தெரியும் என்று நினைத்து அவர் அரை நிமிடம் மளமளவென்று வழி சொல்வார். அதில் ஒன்றும் பிடிபடாது. அதனால் முதல் மாதத்தில் 'எங்கே, எப்படி' என்று கேட்பதைவிட, ஆமாம் இல்லை என்று பதில் வரும்படி கேட்பது நல்லது. ஒரு பக்கம் கையைக் காட்டி "முஸ்தஷ்ஃபா, ஹினா?" (ஆஸ்பத்திரி, இங்கேயா?) என்றால் "ஐவா" (ஆமாம்) அல்லது "லா" (இல்லை) வரும். லா வந்தால் அவரே சரியான பக்கம் கையைக் காட்டுவார். கூடவே யமீன் (வலது), யஸார் (இடது), ஸீதா (நேரே) மூன்றும் காதில் ஏறியிருந்தால் வழி கிடைத்துவிடும். ஸீதா இந்தியிலிருந்து அங்கே போன சொல், அதனால் ஒட்டிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய தவறு, புரியாதபோது "ஐவா, ஐவா" என்று தலையாட்டுவது. முதலாளி முன் புரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிரைவர் வேலையில் அது அன்று மாலையே மாட்டிவிடும். ஒரு உதாரணம் பார்க்கலாம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டிய நேரத்தை வீட்டு முதலாளியான கஃபீல் சொல்கிறார்: "அஸ்ஸாஆ கம்ஸா இல்லா ருப்உ." அஸ்ஸாஆ என்றால் மணி. கம்ஸா என்றால் ஐந்து என்பது தம்பிக்குத் தெரியும். மீதி புரியவில்லை. ஐவா என்று சொல்லிவிட்டு ஐந்து மணிக்குப் போய் நிற்கிறார். அவர் சொன்னதோ 4:45. ருப்உ என்றால் கால், இல்லா என்றால் நீங்கலாக. நமக்கு இதை நினைவில் வைக்க வழி தேட வேண்டாம், 'கால் இல்லாத ஐந்து' என்று தமிழாகவே கேட்டுக்கொள்ளலாம். "கம்ஸா வ ருப்உ" என்றால் ஐந்தேகால், "கம்ஸா வ நுஸ்" என்றால் ஐந்தரை.

இந்த இடத்தில் நான்கு சொற்கள் காப்பாற்றும். "மூ ஃபாஹிம்" என்றால் எனக்குப் புரியவில்லை. "ஷ்வை ஷ்வை" என்றால் மெதுவாக. "மர்ரா தானியா" என்றால் இன்னொரு தடவை. கடைசியாக "ஸஹ்?", அதாவது சரியா? போனில் 4:45 என்று அடித்து அவரிடம் காட்டி "ஸஹ்?" என்று கேட்டால் மொழியே தேவைப்படாது. இருபதில் நான்கைத் தவிர மற்றவற்றை மறந்துவிடுவேன் என்றால், இந்த நான்கு மிஞ்சட்டும்.

எண்களில் இன்னொரு பொறி இருக்கிறது. நாம் இருபத்தைந்து என்று பத்தை முதலில் சொல்கிறோம். அரபியில் "கம்ஸா வ இஷ்ரீன்", ஐந்தும் இருபதும் என்று ஒன்றாமிடம் முதலில் வரும். கேட்கிற வரிசையில் எழுதினால் 25ஆம் எண் வீடு 52 ஆகிவிடும். எழுத்திலும் கவனம் வேண்டும். பலகைகளில் வரும் ٥ என்பது ஐந்து, ஆனால் நம் கண்ணுக்குச் சுழியம். உண்மையான சுழியம் ٠ என்ற வெறும் புள்ளி. ٦ என்பது ஆறு, அது ஏழு போலத் தெரியும். எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும் எண்ணை இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். பத்து இலக்கத்தையும் விமானம் ஏறும் முன் ஒரு மாலையில் எழுதிப் பழகிவிடலாம்.

தம்பி எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். வேறு வழி இல்லைதான், நானும் இங்கே அதைத்தான் செய்கிறேன். ஆனால் தமிழ் எழுத்து சில ஒலிகளைப் பிரித்துக் காட்டாது. 'கல்பி' என்று எழுதி வைத்தால் ஒரு மாதம் கழித்து அதை எப்படிப் படிப்பீர்கள்? அங்கே பேச்சில் 'கங்கை'யின் முதல் ஒலியோடு சொன்னால் என் இதயம். 'கண்' என்பதன் முதல் ஒலியோடு சொன்னால் என் நாய். மருத்துவரிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாயைப் பற்றிச் சொன்னாலும் அவர் புரிந்துகொள்வார் என்பது வேறு விஷயம். எழுதியதோடு விடாமல், அரபி பேசுகிற ஒருவரின் குரலில் பதிவு செய்து கேட்டுக்கொள்ளுங்கள். வலி என்றால் உறுப்புப் பெயரே வேண்டாம், இடத்தைத் தொட்டு "அலம் ஹினா" (இங்கே வலி) என்றால் போதும்.

புத்தகத்தில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. புத்தகம் "எங்கே" என்பதற்கு 'அய்ன' என்றும், "எனக்கு வேண்டும்" என்பதற்கு 'உரீது' என்றும் சொல்லித்தரும். ரியாத் வீட்டில் காதில் விழுவது 'வேன்', 'அப்ஃகா'. நீங்கள் சொல்வது அவர்களுக்குப் புரியும், அவர்கள் சொல்வதுதான் உங்களுக்குப் பிடிபடாது.

காதால் மட்டும் கற்றவர்களுக்கு வருவது இதற்கு நேர்மாறு. வேலையாளின் காதில் விழுவதெல்லாம் ஏவல்தான்: தஆல் (வா), ரூஹ் (போ), ஜீப் (கொண்டு வா). அதையே திருப்பி வீட்டுப் பெரியவரிடம் சொன்னால் நம் ஊரில் மூத்தவரை 'வா, போ' என்பது போல விழும். முன்னால் "லவ் ஸமஹ்த்" (தயவுசெய்து) சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்ணிடம் அது "லவ் ஸமஹ்தி".

ஆபத்துக்கான சொற்களைக் கேட்டால் எல்லோரும் 'உதவி' என்பதைத்தான் தேடுகிறார்கள். உதவி என்று கத்துவதைவிட என்ன நடந்தது, எங்கே என்று சொல்வதுதான் வண்டியை வரவழைக்கும். ஹாதிஸ் என்றால் விபத்து, ஹரீக் என்றால் தீ, இஸ்ஆஃப் என்றால் ஆம்புலன்ஸ். சவூதியில் ஆம்புலன்ஸுக்கு 997, ரியாத்தில் எல்லா அவசரத்துக்கும் 911. 'எங்கே' என்பதைச் சொல்வதுதான் சிக்கல். அங்கே கட்டடங்களுக்கு நான்கு ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட சுருக்க முகவரி உண்டு. போய்ச் சேர்ந்த அன்றே வீட்டாரிடம் கேட்டு உங்கள் வீட்டின் எட்டையும் எழுதி, போன் உறைக்குள் வையுங்கள்.