கேன்டீன் செலவு முதலில், பராமரிப்பு பிறகு: சேவைத் துறைச் செலவுகளைப் படிமுறையில் பகிர்தல்

பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்கூடத்தில் லேத், அசெம்பிளி என்ற இரு உற்பத்தித் துறைகளும், கேன்டீன், பராமரிப்பு என்ற இரு சேவைத் துறைகளும் இருப்பதாகக் கொள்வோம். எந்தப் பம்பும் கேன்டீன் வழியாகச் செல்வதில்லை. ஆகவே சேவைத் துறைகளின் செலவை உற்பத்தித் துறைகளின் கணக்கில் ஏற்றித்தான் பம்பின் அடக்கவிலையில் சேர்க்க முடியும்.

ஒரு மாதத்தின் மேற்செலவு கேன்டீனுக்கு 60,000, பராமரிப்புக்கு 1,10,000, லேத்துக்கு 3,00,000, அசெம்பிளிக்கு 2,00,000, ஆக மொத்தம் 6,70,000 ரூபாய்.

முதல் படி, யார் யாருக்குச் சேவை செய்கிறார்கள் என்று பார்ப்பது. கேன்டீன் மற்ற மூன்று துறையினருக்கும் உணவளிக்கிறது. அதன் அடுப்பையும் குளிர்பெட்டியையும் வெளியாள் பழுது பார்ப்பதால், பராமரிப்புத் துறையிடமிருந்து அது எதையும் பெறுவதில்லை. பிறருக்குக் கொடுத்து, திரும்பப் பெறாத இத்துறையின் கணக்கையே முதலில் முடிக்க வேண்டும்.

இரண்டாம் படியில் கேன்டீன் செலவைப் பணியாளர் எண்ணிக்கைப்படி பிரிக்கிறோம். பராமரிப்பில் 10 பேர், லேத்தில் 30 பேர், அசெம்பிளியில் 20 பேர் எனில், தலைக்கு 1,000 ரூபாய் வீதம் முறையே 10,000, 30,000, 20,000 ரூபாய் சேரும். கேன்டீனிலேயே வேலை செய்யும் 5 பேரைத் தொடக்கநிலையினர் பலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். அவ்வாறு 65ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4,615 ரூபாய் கேன்டீன் கணக்கிலேயே தங்கிவிடும்.

மூன்றாம் படியில், கேன்டீனிலிருந்து வந்த 10,000 ரூபாயும் சேர்வதால், பராமரிப்பின் செலவு 1,10,000 அல்ல, 1,20,000 ரூபாய். இதனைப் பழுதுபார்த்த மணிநேரப்படி, லேத்துக்கு 300, அசெம்பிளிக்கு 100 என்று பிரித்தால், மணிக்கு 300 ரூபாய் வீதம் 90,000, 30,000 ரூபாய் ஆகும். முடிவில் லேத்தின் மேற்செலவு 4,20,000, அசெம்பிளியின் மேற்செலவு 2,50,000. கூட்டினால் அதே 6,70,000 ரூபாய் வரும்.

ஆனால் கூட்டுத்தொகை சரியாக வந்ததாலேயே பகிர்வும் சரி என்று நம்பிவிடக் கூடாது. பராமரிப்பை முதலில் முடித்திருந்தால், அதன் 1,10,000 ரூபாய் 82,500, 27,500 எனப் பிரியும். கணக்கு முடிந்த துறைக்கு மீண்டும் செலவு செல்லாது என்பதால் கேன்டீனின் 60,000 ரூபாய் 36,000, 24,000 என உற்பத்தித் துறைகளுக்கு மட்டுமே போகும். லேத் 4,18,500, அசெம்பிளி 2,51,500 என்று வந்து, மொத்தம் அப்போதும் 6,70,000 ரூபாயாகவே இருக்கும். பராமரிப்புப் பணியாளர்கள் உண்ட 10,000 ரூபாய் உணவு, பழுதுபார்க்கும் மணிநேரத்தைப் பின்பற்றாமல் போனதுதான் இந்த 1,500 ரூபாய் வேறுபாட்டுக்குக் காரணம். இப்பிழையைக் கூட்டல் காட்டிக்கொடுக்காது. முதல் படியில் குறித்த சேவைப் போக்கோடு வரிசையை ஒப்பிட்டால்தான் தெரியும்.

சேவை ஒருவழியாக இருக்கும்வரை இம்முறை தரும் விடை தோராயமானதன்று. ஒருங்கமை சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிட்டாலும் இதே தொகைகள்தாம் வரும். கேன்டீன் அடுப்பையும் பராமரிப்புத் துறையே பழுது பார்க்கத் தொடங்கும் மாதத்திலிருந்து அந்தச் சமன்பாடுகள் தேவைப்படும்.