ஃபண்டின் செலவு விகிதம்: 1 சதவீதம் 20 ஆண்டுகளில் எவ்வளவு தின்னும்? நீங்களே கணக்கிடுங்கள்

மியூச்சுவல் ஃபண்டில் போட்ட பணத்திற்கு யாரும் நம்மிடம் பில் நீட்டுவதில்லை. நிதியை நிர்வகிப்பவர், பதிவேடு பராமரிப்பவர், விற்றுத் தந்த முகவர் என எல்லோருக்கும் உரிய தொகையை நிறுவனம் ஃபண்டின் சொத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லப்படும் அந்தச் செலவு விகிதம் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கப்படுகிறது. உங்கள் முதலீட்டின் மதிப்பு ரூ.1 லட்சம், விகிதம் 1.8% என்றால், நாளொன்றுக்குச் சுமார் 5 ரூபாய். கழித்த பிறகுதான் ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பான என்.ஏ.வி. வெளியாகிறது. அதனால் பாஸ்புக்கில் வருவதைப் போல எந்தப் பற்றும் உங்கள் கண்ணில் படாது.

படி 1: உங்களுடையது எந்தத் திட்டம் என்று பாருங்கள்

கணக்கு அறிக்கையில் ஃபண்டின் பெயரை முழுதாகப் படியுங்கள். `Direct Plan` என்று இருந்தால் முகவர் கமிஷன் இல்லை. `Regular Plan` என்று இருந்தால் உண்டு. 2013 ஜனவரி முதல் ஒரே ஃபண்டு இந்த இரண்டு வடிவங்களிலும் கிடைக்கிறது. நிர்வாகி ஒருவரே, வாங்கும் பங்குகளும் அவையே. இரண்டின் என்.ஏ.வி.யையும் ஒப்பிட்டால் டைரக்ட் திட்டத்தினுடையது கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்து ரெகுலர்தான் மலிவு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது: கமிஷன் கழியாததால்தான் டைரக்டின் மதிப்பு உயர்ந்து நிற்கிறது.

படி 2: விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் `Total Expense Ratio` என்று தேடினால் இரண்டு திட்டங்களுக்கும் தனித்தனியே கிடைக்கும். இது நிலையான எண் அல்ல, மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பழைய விளம்பரத்தாளை நம்ப வேண்டாம்.

படி 3: இருபது ஆண்டுக்கு ஓட்டிப் பாருங்கள்

செலவுக்கு முன் ஃபண்டு ஆண்டுக்கு 12% ஈட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்கிற்கான அனுமானம்தான். யாரும் உத்தரவாதம் தருவதில்லை. டைரக்ட் 0.8%, ரெகுலர் 1.8%. எக்செல் கட்டத்தில் இப்படித் தட்டுங்கள்:

```
=100000*(1+0.12-0.008)^20
=100000*(1+0.12-0.018)^20
```

முதலாவது சுமார் ரூ.8.36 லட்சம் தரும், இரண்டாவது ரூ.6.98 லட்சம். இடைவெளி ரூ.1.38 லட்சம், அதாவது போட்ட முதலைவிட அதிகம்!

இந்த இடைவெளி எப்போது பெரிதாகிறது என்று பார்க்க, 20 என்ற இடத்தில் வேறு ஆண்டுகளைப் போடுங்கள். முதல் ஆண்டில் வித்தியாசம் வெறும் 1,000 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 7,500, பத்தாம் ஆண்டில் 25,000. மீதி ரூ.1.13 லட்சமும் பிற்பாதியில்தான் சேர்கிறது. கழிந்த ரூபாய் போனதோடு, அது ஈட்டியிருக்க வேண்டிய வருமானமும் ஆண்டுதோறும் போவதுதான் காரணம். முதல் சில ஆண்டுகளின் அறிக்கையைப் பார்த்து “பெரிய வித்தியாசம் இல்லையே” என்று விட்டுவிடுவது இதனால்தான்.

மாதம் ரூ.5,000 எஸ்.ஐ.பி. போடுபவர்களுக்கு:

```
=FV((1+0.12-0.018)^(1/12)-1,240,-5000,0,1)
```

இது சுமார் ரூ.37.1 லட்சம். 0.018-ஐ 0.008 ஆக்கினால் ரூ.41.8 லட்சம். கட்டியது இரண்டிலும் ரூ.12 லட்சம்தான்.

ஓர் எச்சரிக்கை. இணையதளங்களில் காட்டப்படும் கடந்தகால வருமானம் செலவு கழித்த பிறகு வந்தது. அதிலிருந்து மறுபடியும் விகிதத்தைக் கழித்தால் ஒரே செலவை இருமுறை எண்ணியதாகும்.

படி 4: மாற்றுவதற்கு முன்

முகவர் உண்மையாகவே உங்களுக்கு உழைக்கிறார், சந்தை விழும்போது பதறி விற்கவிடாமல் தடுக்கிறார் என்றால், அந்த 1% கூலி நியாயமானதே. வருடக்கணக்கில் தொலைபேசியில்கூடப் பேசாதவருக்கு ஏன் தர வேண்டும் என்பது என் கட்சி. அரையாண்டுக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், உங்கள் முதலீட்டுக்காக முகவர் பெற்ற கமிஷன் ரூபாயிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாறுவதென்றால் புதிய எஸ்.ஐ.பி.யை டைரக்டில் தொடங்கிப் பழையதை நிறுத்துவது எளிது. ஏற்கெனவே சேர்ந்த யூனிட்களை நகர்த்துவதில்தான் கவனம் தேவை. ஒரே ஃபண்டுக்குள் மாற்றினாலும் வரித் துறை அதை விற்பனையாகவே கொள்ளும். பங்கு சார்ந்த ஃபண்டில் ஓராண்டு கடந்த யூனிட்களின் லாபத்தில் நிதியாண்டுக்கு ரூ.1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5%. எனவே ஓராண்டு முடிந்த யூனிட்களை மட்டும், அந்த வரம்புக்குள் அடங்கும் அளவுக்கு, ஆண்டுதோறும் பகுதி பகுதியாக நகர்த்தலாம். வெளியேறும் கட்டணம் இன்னும் பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வரிச் சேமிப்பு ஃபண்டாக இருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் மூன்றாண்டு பூட்டு தனித்தனியே உண்டு. அது திறக்கும்வரை அந்த யூனிட்களைத் தொட முடியாது.