சின்ன கீறலுக்கு கிளெய்ம் போடுமுன் இதைக் கணக்குப் போடுங்க

வேளச்சேரி டிராஃபிக்ல பம்பர் உடைஞ்சு, ஒர்க்‌ஷாப் 8,000 ரூபாய் எஸ்டிமேட் தருதுன்னு வைங்க. கார் இன்சூரன்ஸ் பாலிசியில, உங்க வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷத்துக்கு 12,000. 50% நோ கிளெய்ம் போனஸ் போக 6,000 கட்டுறீங்க. (தேர்ட் பார்ட்டி பகுதிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.)

கிளெய்ம் போட்டா போனஸ் பூஜ்யமாகி, அடுத்த ரினியூவலில் முழு 12,000. பிறகு கிளெய்மே இல்லாவிட்டாலும் 20, 25, 35, 45%னு படிப்படியாத்தான் ஏறும். பிரீமியம் மாறாதுன்னு வச்சா, 50% திரும்புறதுக்குள்ள கூடுதல் செலவு 6,000 + 3,600 + 3,000 + 1,800 + 600 = 15,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வண்டி மதிப்பு குறையக் குறைய இது கொஞ்சம் இறங்கும். ஆனாலும் 8,000-ஐ கைக்காசில் கட்டுறதே லாபம். நோ கிளெய்ம் போனஸைக் காப்பாத்துற என்சிபி புரொடெக்ட் ஆட்-ஆன் ஏற்கெனவே இருந்தா மட்டும், அதோட நிபந்தனையைப் படிச்சுட்டு கிளெய்ம் போடுங்க.