படத்தின் ஓரத்தில் நிற்கும் அந்நியரை வெட்டி எடுப்பது எப்படி?

தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்த குடும்பப் படம். பின்னால் விமானம், முன்னால் நாங்கள் ஐந்து பேர். வலது ஓரத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முதல் தடவை வலப்பக்கத்தை மட்டும் வெட்டினேன். அவர் போய்விட்டார், ஆனால் நாங்கள் ஐவரும் வலது சுவரில் ஒட்டிக்கொண்டது போல ஆகிவிட்டோம். இடப்பக்கம் வெறும் தரை. ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கத்தையும் தொட வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

இலவச மென்பொருளான கிம்ப்பில் இதைச் செய்யலாம்.

1. படத்தைத் திறந்து `Shift+C` அழுத்துங்கள். கிராப் கருவி வரும். அதன் அமைப்புகளில் `Guides` என்பதில் `Center lines` தேர்ந்தெடுங்கள். வெட்டப்போகும் கட்டத்தின் நடுக்கோடு தெரியும்.

2. படத்தின் மேல் மவுஸை நகர்த்தினால், அது எத்தனையாவது பிக்சலில் நிற்கிறது என்பது கீழ்ப்பட்டையில் தெரியும். என் படத்தின் அளவு 4000×3000. நாங்கள் நிற்பது இடமிருந்து 900 முதல் 3200 வரை. நீலச் சட்டை 3450இல் தொடங்குகிறது. அதனால் வலது வெட்டு 3400இல். எங்களுக்கு வலப்பக்கம் 200 பிக்சல் மிஞ்சுகிறது.

3. இடப்பக்கமும் அதே 200 விடுங்கள். வெட்டு 700இல் தொடங்கும், அகலம் 2700. ஓரத்தில் நிற்கும் குழந்தை வெளிப்பக்கம் பார்த்தால் மட்டும் அந்தப் பக்கம் சற்றே கூடுதல் இடம் தேவை.

4. இனி உயரம். பழைய 4:3 வடிவத்தையே பிடித்துக்கொண்டால் உயரம் 2025தான் வரும்; விமானத்தின் கலசம் போய்விடும். அதனால் சதுரமாக்கினேன். கலசம் 250இல், பாதங்கள் 2700இல். `Position` பெட்டிகளில் 700, 100. `Size` பெட்டிகளில் 2700, 2700. பிறகு `Enter`.

கீழே 200 பிக்சல் போனதற்கு வேறு காரணமும் உண்டு. மாலை வெயிலில் நீலச் சட்டையின் நிழல் எங்கள் பாதங்களுக்குக் கீழே தரையில் நீண்டிருந்தது. ஆளை வெட்டியவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்த நிழலைத்தான். வெட்டியதும் நான்கு ஓரங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒரு விரல் நுனியோ பை வாரோ எட்டிப் பார்க்கும்.

5. `File > Export As` மூலம் புதிய பெயரில் சேமியுங்கள். மூலப் படம் அப்படியே இருக்கட்டும்.

2700 பிக்சலை அங்குலத்துக்கு 300 வீதம் அச்சிட்டால் 9 அங்குலம் வரும். 8×8 பிரிண்டுக்குத் தாராளம். 6×4 கேட்டால் மட்டும், சதுரத்தை நீளமாக்க மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள், கலசம் போய்விடும். வெள்ளை விளிம்பு விட்டுப் போடச் சொல்லுங்கள்.

அந்நியரின் தோள் உங்கள் சித்தப்பாவின் கையை மறைத்திருந்தால் கதை வேறு. கையையும் சேர்த்து வெட்டத்தான் வேண்டும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வெட்டினால் கை துண்டானது போல உறுத்தும். மேற்கையின் நடுவில் வெட்டுங்கள்.