தேய்மானப் பட்டியல் படமாக வந்தால் அதை வரிசை வரிசையாகச் சரிபார்ப்பது எப்படி?

ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தின் படம் வரும். கீழே “பார்த்துட்டு ஓகே சொல்லுங்க” என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பக்கம் தேய்மானப் பட்டியலாக இருந்தால், கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்லக் கூடாது. கூட்டல் முழுக்கச் சரியாக இருக்கும் பட்டியலிலும் தேய்மானம் தப்பாக இருக்கலாம். கீழே உள்ள எடுத்துக்காட்டு அப்படிப்பட்டதுதான்.

அம்பத்தூரில் தனி உரிமையாளர் நடத்தும் ஒரு சிறு அச்சகத்தின் 2024-25 பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. உரிமையாளர் புதிய வரி முறையில் இருக்கிறார், அதனால் புது இயந்திரத்துக்கான கூடுதல் தேய்மானம் இதில் வராது.

| வகை | விகிதம் | தொடக்கம் 1.4.2024 | சேர்ப்பு: 180 நாள், அதற்கு மேல் | சேர்ப்பு: 180 நாளுக்குள் | விற்பனை | தேய்மானம் | இறுதி 31.3.2025 |
|---|---|---|---|---|---|---|---|
| மரச்சாமான் | 10% | 1,84,500 | - | - | - | 18,450 | 1,66,050 |
| இயந்திரம் | 15% | 12,40,000 | 3,00,000 | 2,60,000 | 90,000 | 2,37,000 | 14,73,000 |
| கம்ப்யூட்டர் | 40% | 86,000 | - | 65,000 | - | 60,400 | 90,600 |
| கார் | 15% | 5,7?,000 | - | - | - | 86,700 | 4,91,300 |

முதலில் படத்தைப் படிப்பது

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும். “டாக்குமெண்ட்டா அனுப்புங்க” என்று கேட்டு வாங்கினாலே பாதித் தொல்லை தீரும். பக்கம் சாய்ந்திருந்தால் கண் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நழுவிவிடும். திரையின்மேல் ஒரு காகித விளிம்பை வைத்து, ஒவ்வொரு வரிசையாகப் படியுங்கள்.

கார் வரிசையில் ஓர் இலக்கம் மங்கலாக இருக்கிறது. அது 3-ஆ, 8-ஆ? ஊகிக்க வேண்டாம். அந்த வரிசையில் சேர்ப்பும் இல்லை, விற்பனையும் இல்லை. ஆகவே தேய்மானத்தை விகிதத்தால் வகுத்தால் தொடக்க மதிப்பு வந்துவிடும்: 86,700-ஐ 0.15-ஆல் வகுக்க 5,78,000. இறுதி மதிப்பும் தேய்மானமும் சேர்ந்தும் அதே 5,78,000-தான். இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதால் அது 8. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அங்கே மங்கல் மட்டுமல்ல, கணக்கிலேயே பிழை இருக்கிறது என்று பொருள்.

தொடக்க மதிப்பு

இதைச் சரிபார்க்க இந்தப் படம் போதாது. போன வருடம் தாக்கல் செய்த கணக்கின் இறுதி மதிப்பைக் கையில் எடுத்து, வகை வகையாக ஒப்பிடுங்கள். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால், இயந்திரத்தில் கூடியதும் மரச்சாமானில் குறைந்ததும் ஒன்றையொன்று மறைத்துவிடும். வித்தியாசம் வருவதற்கு வழக்கமான காரணம், போன வருடத்துப் பழைய டிராஃப்டிலிருந்து எண்ணை எடுத்து எழுதியிருப்பதுதான். தாக்கல் செய்த பிரதிதான் கணக்கு, டிராஃப்ட் அல்ல.

சேர்ப்பு

பட்டியலிலேயே அதிகம் தவறும் இடம் இது. வருமான வரிக் கணக்கில், ஒரு சொத்து வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் பாதி விகிதத்தில்தான் தேய்மானம். 2024-25-இல் இதற்கான எல்லை 3 அக்டோபர் 2024. அன்றைக்குள் பயன்பாட்டுக்கு வந்திருந்தால் முழு விகிதம், அடுத்த நாளிலிருந்து பாதி.

கவனிக்க வேண்டியது “பயன்பாட்டுக்கு வந்த” என்ற சொல்லை. 2,60,000 ரூபாய் இயந்திரத்தின் பில் செப்டம்பர் 26 தேதியிட்டது. ஆனால் இ.பி. லோடு கூட்டி, இயந்திரத்தை நிறுவி, முதல் வேலை ஓட்டியது அக்டோபர் 10. அன்றிலிருந்து மார்ச் 31 வரை 173 நாள்தான். ஆக, பாதி விகிதப் பத்தியில் போட்டது சரி. பில் தேதியை மட்டும் பார்ப்பவர் இதை முழு விகிதப் பத்திக்கு மாற்றச் சொல்வார், அது தப்பு.

தொகையையும் பில்லோடு ஒப்பிடுங்கள். பில்லில் 18% ஜிஎஸ்டி சேர்த்து 3,06,800 இருக்கும். அதில் 46,800-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டிருந்தால், சொத்து மதிப்பில் 2,60,000 மட்டுமே வர வேண்டும். வரவும் எடுத்து, அதே தொகைக்குத் தேய்மானமும் எடுக்க முடியாது.

விற்பனைப் பத்தியில் வருவது விற்ற விலை. அந்தப் பழைய இயந்திரம் புத்தகத்தில் எவ்வளவு மதிப்பில் இருந்தது என்பது இங்கே தேவையில்லை.

தேய்மானம்

ஒவ்வொரு வரிசையையும் இரண்டு துண்டாகப் போடுங்கள். இயந்திரத்துக்கு, தொடக்கம் 12,40,000-உடன் முழு விகிதச் சேர்ப்பு 3,00,000-ஐக் கூட்டி, விற்பனை 90,000-ஐக் கழிக்க 14,50,000. இதற்கு 15% என்றால் 2,17,500. மீதி 2,60,000-க்கு ஏழரை சதவீதம், 19,500. மொத்தம் 2,37,000. பட்டியலோடு ஒத்துப்போகிறது.

இனி கம்ப்யூட்டர். 86,000-க்கு 40% என்றால் 34,400. 65,000-க்கு 20% என்றால் 13,000. மொத்தம் 47,400 வர வேண்டும், பட்டியலில் இருப்பதோ 60,400. வித்தியாசம் சரியாக 13,000. காரணம் உடனே தெரிகிறது: 1,51,000 முழுவதற்கும் 40% போட்டிருக்கிறார்கள்.

இது கூட்டல் சரிபார்ப்பில் ஏன் சிக்கவில்லை? 1,51,000-லிருந்து 60,400 கழித்தால் 90,600, வரிசை டேலி ஆகிறது. கடைசி வரி மொத்தமும் டேலி ஆகும். தப்பான தேய்மானத்திலிருந்தே இறுதி மதிப்பும் பிறப்பதால், கூட்டல் அதைக் காட்டிக்கொடுக்காது. விகிதத்தைக் கொண்டு நீங்களே தனியாகப் போட்டால்தான் தெரியும்.

எக்செல்லில் போடுவதானால், B-யில் தொடக்கம், C-யில் முழு விகிதச் சேர்ப்பு, D-யில் பாதி விகிதச் சேர்ப்பு, E-யில் விற்பனை, F-இல் விகிதம் என்று வையுங்கள். எண்களைக் காற்புள்ளி இல்லாமலும் விகிதத்தை 15% என்று % குறியோடும் அடியுங்கள், பட்டியலில் கோடு இருக்கும் கட்டத்தைக் காலியாக விடுங்கள். G-யில் தேய்மானமும் H-இல் இறுதி மதிப்பும் வர:

```
=ROUND((B2+C2-E2)*F2+D2*F2/2,0)
=B2+C2+D2-E2-G2
```

விற்பனைத் தொகை, தொடக்கத்தையும் முழு விகிதச் சேர்ப்பையும் சேர்த்ததைவிட அதிகமாக இருந்தால் முதல் சூத்திரம் பொருந்தாது. அப்போது மிஞ்சும் விற்பனையைப் பாதி விகிதச் சேர்ப்பிலிருந்து கழித்து, மீதிக்குக் கையால் போட வேண்டும்.

ஆடிட்டரிடம் கேட்கும் முன்

13,000 வித்தியாசம் என்றதும் தேய்மானம்தான் தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். 65,000 ரூபாய் கம்ப்யூட்டர் ஆகஸ்டிலேயே வேலைக்கு வந்திருந்தால், 60,400 சரி, பத்திதான் மாறியிருக்கிறது. ஜனவரியில் வந்திருந்தால் பத்தி சரி, தேய்மானம் தப்பு. எனவே பில்லையும் பயன்படுத்தத் தொடங்கிய தேதியையும் முதலில் எடுத்து வையுங்கள். ஜனவரி என்று உறுதியானால் இப்படிக் கேட்டு எழுதலாம்:

“சார், கம்ப்யூட்டர் வரிசையில் 65,000-க்கு முழு 40% போட்டிருக்கிறது. அது ஜனவரி 2025-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது, பில் இணைத்திருக்கிறேன். தேய்மானம் 47,400, இறுதி மதிப்பு 1,03,600 என்று வரும் என நினைக்கிறேன். மொத்தத் தேய்மானமும் 4,02,550-லிருந்து 3,89,550 ஆகும், லாபநஷ்டக் கணக்கிலும் மாற்ற வேண்டியிருக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.”